கார்டிசால் பரிசோதனையும் டெக்சாமெத்தாசோன் ஒடுக்கச் சோதனையும்

கார்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளின் புறணியில் உருவாகும் ஒரு ஸ்டீராய்டு இயக்குநீர் (ஹார்மோன்) ஆகும். இது இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கிறது, அழற்சியைக் கட்டுப்படுத்துகிறது, நோய், காயம், பட்டினி போன்ற நெருக்கடிகளை உடல் சமாளிக்க உதவுகிறது. இதன் அளவு நீண்ட காலம் மிகையாக இருந்தால் குஷிங் நோய்க்குறித்தொகுப்பு தோன்றும். போதாமல் போனால் அட்ரீனல் பற்றாக்குறை ஏற்படும். இரண்டுமே கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்தானவை.

இரத்தத்தில் கார்டிசாலை அளப்பது எளிது; கிடைத்த எண்ணுக்குப் பொருள் சொல்வதுதான் கடினம். எடுத்துக்காட்டாக, ஒரு டெசிலிட்டர் சீரத்தில் 14 மைக்ரோகிராம் என்ற அளவு காலை 8 மணிக்கு முற்றிலும் இயல்பானது. அதே 14 நள்ளிரவில் கிடைத்தால் ஐயத்துக்குரியது. முந்தைய இரவு டெக்சாமெத்தாசோன் மாத்திரை விழுங்கியவருக்கு மறுநாள் காலையில் 14 இருந்தால் அது தெளிவான எச்சரிக்கை. மாதிரி எப்போது, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் கார்டிசால் அளவைப் படிக்க இயலாது. (இக்கட்டுரையில் சீரக் கார்டிசால் அளவுகள் அனைத்தும் ஒரு டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்ற அலகில் தரப்படுகின்றன. 27.6 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு நானோமோல் அலகு கிடைக்கும்.)

நாளுக்குள் ஓர் ஏற்ற இறக்கம்

கார்டிசால் சுரப்பு மூன்று படிகளில் நடைபெறுகிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி ஏ.சி.டி.எச். என்னும் இயக்குநீரை வெளியிடச் செய்கிறது. ஏ.சி.டி.எச். இரத்தத்தின் வழியே அட்ரீனல் சுரப்பியை அடைந்து கார்டிசாலை உண்டாக்குகிறது. இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு சேர்ந்ததும், அது ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்கி மேலும் சுரக்காமல் தடுக்கிறது. இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர்.

இந்த அமைப்பின் மீது உடலின் நாட்கடிகாரம் ஆட்சி செலுத்துகிறது. பகலில் விழித்து இரவில் உறங்கும் ஒருவருக்குக் கார்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த நிலையில் இருக்கும். பின்னிரவில் ஏற ஆரம்பித்து, விழித்தெழும் நேரத்தை ஒட்டி உச்சத்தை அடையும். அதன் பின் பகல் முழுவதும் படிப்படியாக இறங்கும். காலை 8 மணியளவில் பெரும்பாலானோருக்கு 5 முதல் 25 வரை இருக்கும் கார்டிசால், நல்ல உறக்கத்திலுள்ள ஆரோக்கியமானவருக்கு நள்ளிரவில் 1.8 க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த இறக்கமும் ஒரே சீராக நடப்பதில்லை. ஏ.சி.டி.எச். விட்டு விட்டுத் துடிப்புகளாக வெளிவருவதால் கார்டிசாலும் சிறு சிறு அலைகளாகவே வருகிறது. இரத்தத்தில் அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். எனவே ஓர் அலையின் முகட்டில் இரத்தம் எடுத்தால் ஓர் எண்ணும், ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் வேறோர் எண்ணும் கிடைக்கும். ஊசிக்குப் பயந்து பதறுவது, காய்ச்சல், உறக்கமின்மை ஆகியவையும் அளவை உயர்த்தும்.

எந்த நேரத்தில் அளப்பது

எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே மாதிரி எடுக்கும் நேரம் அமைகிறது. குறைவைத் தேடினால், கார்டிசால் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அளக்க வேண்டும். மிகுதியைத் தேடினால், அது அடிமட்டத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அளக்க வேண்டும்.

அட்ரீனல் பற்றாக்குறை என்று ஐயுற்றால் காலை 8 மணியளவில் இரத்தம் எடுக்கப்படுகிறது. அந்த நேரத்திலும் 3 க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். 15 முதல் 18 க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பற்றாக்குறை இல்லை. இடைப்பட்ட அளவு வந்தால் செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி மூலம் செலுத்தி, 30 அல்லது 60 நிமிடங்கள் கழித்து அட்ரீனல் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கிறார்கள். மாலை 5 மணிக்கு எடுத்த இரத்தத்தில் 4 என்று வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவருக்கும் அந்த நேரத்தில் அப்படி இருக்கலாம்.

குஷிங் நோய்க்குறித்தொகுப்பில் நிலைமை தலைகீழ். இந்நோயில் முதலில் கெடுவது பெரும்பாலும் நள்ளிரவு இறக்கம்தான். காலை உச்சம் இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் இரவில் இறங்க வேண்டிய கார்டிசால் இறங்காமல் இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றுவிடும். இப்படிப்பட்டவரிடம் காலையில் மட்டும் அளந்தால் அறிக்கையில் ‘இயல்பு’ என்றே வரும். அதனால்தான் குஷிங் நோய்க்குறித்தொகுப்பைக் கண்டறிய வெறும் காலைக் கார்டிசால் பயன்படுவதில்லை.

நள்ளிரவில் இரத்தம் எடுக்க வேண்டுமானால் மருத்துவமனையில் தங்க வேண்டும். அதற்கு மாற்றாக உமிழ்நீர் பயன்படுகிறது. இரத்தத்திலுள்ள கார்டிசாலில் பெரும்பகுதி புரதங்களுடன் பிணைந்திருக்கும்; பிணையாத சிறு பகுதியே உமிழ்நீருக்குள் கசிகிறது. உடலில் வேலை செய்வதும் அந்தப் பகுதிதான். வீட்டிலேயே இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் வைத்து நனைத்துக் குழாயில் போட்டு, மறுநாள் ஆய்வகத்தில் கொடுத்தால் போதும். ஓர் இரவின் அளவு தற்செயலாக மாறியிருக்கலாம் என்பதால் இரண்டு இரவுகள் எடுக்கிறார்கள். பல் துலக்கி ஈறில் இரத்தம் கசிந்திருந்தாலோ, ஹைட்ரோகார்டிசோன் களிம்பு தடவிய விரலால் பஞ்சைத் தொட்டாலோ அளவு பொய்யாக உயரும். அதிமதுரம் சாப்பிடுபவர்களுக்கும் உமிழ்நீர்க் கார்டிசால் உயரலாம்; உமிழ்நீர்ச் சுரப்பியில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அதிமதுரம் தடுப்பதே காரணம். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இச்சோதனை பொருந்தாது. அவர்களின் உடற்கடிகாரத்தில் நமது நள்ளிரவு, நள்ளிரவாக இருப்பதில்லை.

ஒடுக்கச் சோதனையின் அடிப்படை

நள்ளிரவுச் சோதனை, இயற்கையான இறக்கம் நடக்கிறதா என்று காத்திருந்து பார்க்கிறது. டெக்சாமெத்தாசோன் ஒடுக்கச் சோதனை ஒரு படி மேலே சென்று, ‘நிறுத்து’ என்ற கட்டளையை வெளியிலிருந்து கொடுத்து, உடல் அதற்குக் கீழ்ப்படிகிறதா என்று பார்க்கிறது.

வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே எழும், மோட்டார் நின்றுவிடும். மிதவை அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, தொட்டி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தால் போதும். மோட்டார் நின்றால் அமைப்பு சரி. நிற்காமல் ஓடினால் எங்கோ கோளாறு. டெக்சாமெத்தாசோன், மிதவையைத் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கை.

இதற்கு வேறு ஸ்டீராய்டுகளை விட்டு டெக்சாமெத்தாசோனைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அது கார்டிசாலைவிட ஏறத்தாழ 25 முதல் 30 மடங்கு வீரியமானது, 1 மி.கி. அளவே பிட்யூட்டரியை அடக்கப் போதும். மற்றொன்று, ஆய்வகத்தில் கார்டிசாலை அளக்கும் முறைகள் டெக்சாமெத்தாசோனைக் கார்டிசால் என்று எண்ணிக்கொள்வதில்லை. ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தால், அது கார்டிசாலேதான் என்பதால், நாம் கொடுத்தது எது, உடல் சுரந்தது எது என்று பிரிக்க முடியாது. பிரெட்னிசோலோனும் பல சோதனைக் கருவிகளைக் குழப்பும். டெக்சாமெத்தாசோன் கொடுத்த பின் அளவில் தெரியும் கார்டிசால், உடல் தானே சுரந்தது.

1960 இல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் இந்தச் சோதனையை முறைப்படுத்தி வெளியிட்டார். அவரது முறையில் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நாட்கள் கொடுத்துச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். இன்று முதல்நிலைச் சோதனையாகப் பரவலாகச் செய்யப்படுவது அதன் சுருக்கமான ஓரிரவு வடிவம்.

ஓரிரவுச் சோதனை

இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 1 மி.கி. டெக்சாமெத்தாசோன் வாய்வழி எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்துக் கார்டிசால் அளக்கப்படும்.

இந்த நேரங்கள் கணக்கிட்டு வைக்கப்பட்டவை. நாட்கடிகாரம் பின்னிரவில்தான் ஏ.சி.டி.எச். சுரப்பைப் பெருக்க ஆரம்பிக்கிறது. அந்தப் பெருக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்பே டெக்சாமெத்தாசோன் பிட்யூட்டரியை அடைந்துவிடுகிறது. காலை 8 மணி என்பது சுரப்பு உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம். அமைப்பு மிகவும் முனைப்பாக இருக்கும் வேளையிலும் அது ‘நிறுத்து’ என்ற கட்டளையைக் கேட்கிறதா என்பதே சோதிக்கப்படுகிறது. மாத்திரைக்கு முன் சுரந்த கார்டிசால் இந்த ஒன்பது மணி நேரத்தில், அதாவது குறைந்தது ஆறு அரைவாழ்வுக் காலத்தில், அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடும். ஆகவே காலையில் மிஞ்சியிருப்பது, தடையை மீறிச் சுரந்த கார்டிசால் மட்டுமே. மாத்திரையைக் காலையில் விழுங்கினாலோ, இரத்தத்தைப் பிற்பகலில் கொடுத்தாலோ இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துபோகும்.

ஆரோக்கியமானவருக்குக் காலைக் கார்டிசால் 1.8 அல்லது அதற்குக் கீழே இறங்கும். இந்த வரம்பு வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டுள்ளது. முன்பு 5 என்ற வரம்பு வழக்கில் இருந்தது. அதில் மிதமான குஷிங் நோயாளிகள் சிலர் தப்பிவிட்டனர். 1.8 என்று வைத்தால் நோயாளிகளில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பிடிபடுவர். அதற்கு விலையாக, நோயில்லாத சிலரும் வலையில் சிக்குவர். எனவே 1.8 க்குக் கீழே வந்தால் நோய் பெரும்பாலும் இல்லை எனலாம்; மேலே வந்தால் நோய் உறுதி என்று சொல்ல முடியாது. வேறொரு வகைச் சோதனையும் அதையே காட்ட வேண்டும்.

பொய்யான முடிவுகள்

சோதனையின் தருக்கம் சில முன்நிபந்தனைகளின் மீது நிற்கிறது. ஒவ்வொன்றும் உடையும்போது ஒரு வகைப் பிழை தோன்றும்.

முதல் நிபந்தனை, டெக்சாமெத்தாசோன் உண்மையிலேயே இரத்தத்தில் இருக்க வேண்டும். கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் ஆகியவை அந்த நொதியைப் பெருக்குகின்றன. இம்மருந்துகளை எடுப்பவரிடம் டெக்சாமெத்தாசோன் விரைவில் மறைந்துவிடும். மிதவையைப் பிடித்த கை பாதியிலேயே விட்டுவிட்டது போல, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மாத்திரையை விழுங்க மறந்தாலும் இதே முடிவுதான். இதைக் கண்டறிய வழி உண்டு: அதே காலை மாதிரியில் டெக்சாமெத்தாசோன் அளவையும் பார்த்தால் போதும். அது மிகக் குறைவாக இருந்தால் கார்டிசால் எண்ணுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது நிபந்தனை, அளக்கப்படும் கார்டிசால் செயல்படும் கார்டிசாலைப் பிரதிபலிக்க வேண்டும். வழக்கமான இரத்தச் சோதனை, புரதத்துடன் பிணைந்ததையும் சேர்த்தே அளக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் கருவுற்ற நிலையும் அந்தப் பிணைப்புப் புரதத்தை மிகுதியாக்கும். அப்போது செயல்படும் பகுதி இயல்பாக இருந்தாலும் மொத்த எண் உயர்ந்து தெரியும். எனவே இம்மாத்திரைகளை மருத்துவர் அறிவுரைப்படி ஏறத்தாழ ஆறு வாரம் நிறுத்திய பின்னரே இச்சோதனை செய்யப்படுகிறது. அல்லது பிணைப்புப் புரதம் இடையூறு செய்யாத உமிழ்நீர்ச் சோதனை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

மூன்றாவது நிபந்தனை, சுரப்பைத் தூண்டும் வேறு காரணம் இருக்கக் கூடாது. கடும் மனச்சோர்வு, மிகுந்த மதுப்பழக்கம், கடும் நோய் ஆகியவற்றில் மூளையிலிருந்தே தூண்டுதல் வலுவாக வருவதால் 1 மி.கி. முழுமையாக அடக்காமல் போகலாம். இது கட்டியால் வரும் நோயன்று. மூல காரணம் சரியானதும் கார்டிசாலும் இயல்புக்குத் திரும்பும்.

இவற்றுக்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. நோயாளிக்குக் குஷிங் தோற்றம் தெளிவாக இருக்கும். ஆனால் சோதனைக்கு முன்பே காலைக் கார்டிசால் மிகக் குறைவாக இருக்கும். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு ஏற்கனவே பிட்யூட்டரியை அடக்கி வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். மாத்திரை, ஊசி, நீண்ட நாள் தடவும் வீரியமான தோல் களிம்பு, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி ஆகியவற்றை மருத்துவர் விசாரிக்க வேண்டும். இத்தகையோர் அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் பற்றாக்குறை உண்டாகும். படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

ஒரு மாதிரி நோயாளி

சோதனைகள் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பதை விளக்க, கற்பனையான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளலாம். 36 வயதுப் பெண். ஓராண்டில் 11 கிலோ எடை கூடியிருக்கிறது. முகமும் வயிறும் பெருத்து, கைகால்கள் மெலிந்துள்ளன. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. இலேசாக இடித்தாலும் தோல் கன்றிவிடுகிறது. வயிற்றில் ஒரு செ.மீ. அகலத்தில் ஊதா நிறக் கோடுகள் உள்ளன. இரத்த அழுத்தம் 158/98.

முற்பகல் 11.30 மணிக்கு ஓர் ஆய்வகத்தில் எடுத்த கார்டிசால் 14.2. அறிக்கையில் அச்சிட்டிருந்த 6 முதல் 22 என்ற வரம்புக்குள் இருந்ததால் அது ‘இயல்பு’ எனக் குறிக்கப்பட்டது. உண்மையில் அந்த எண் எதையும் மறுக்கவுமில்லை, உறுதிசெய்யவுமில்லை.

அடுத்து ஓரிரவுச் சோதனை. இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தாசோன், காலை 8.30 க்குக் கார்டிசால் 12.6. அவர் கருத்தடை மாத்திரையோ காசநோய், வலிப்பு மருந்துகளோ எடுக்கவில்லை. இரண்டு இரவுகளின் உமிழ்நீர்க் கார்டிசாலும் ஆய்வக வரம்பைப் போல் மும்மடங்கு இருந்தது. வெவ்வேறு தருக்கத்தில் அமைந்த இரண்டு சோதனைகள் ஒன்றையே சொல்வதால், கார்டிசால் மிகுதி உறுதியாகிறது.

இனி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. ஏ.சி.டி.எச். அளக்கப்படுகிறது. இந்த இயக்குநீர் குழாயிலேயே விரைவில் சிதைந்துவிடும்; எனவே இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனடியாகப் பிரித்தெடுக்க வேண்டும். இல்லையேல் பொய்யான குறைவு தெரியும். அவருக்குக் கிடைத்தது ஒரு மில்லிலிட்டருக்கு 58 பிகோகிராம். ஆய்வக வரம்பு 10 முதல் 60 என்பதால் இதுவும் ‘இயல்பு’ போலத் தோன்றும். ஆனால் கார்டிசால் இவ்வளவு மிகுந்திருக்கும்போது நல்ல பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். சுரப்பை ஏறக்குறைய நிறுத்தியிருக்க வேண்டும். அட்ரீனலில் கட்டி இருந்தால் அது 5 க்கும் கீழே இருந்திருக்கும். 20 க்கு மேல் இருப்பது, ஏ.சி.டி.எச். தான் இந்நோயை நடத்துகிறது என்று காட்டுகிறது.

அந்த ஏ.சி.டி.எச். பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வரலாம். அல்லது நுரையீரல் போன்ற வேறிடத்துக் கட்டியிலிருந்து வரலாம். பிட்யூட்டரிக் கட்டிக்குப் பின்னூட்டம் முற்றிலும் கேட்காமல் போவதில்லை. காது மந்தமாகிவிடுகிறது, அவ்வளவே. மெதுவான குரலைக் கேட்காத அது, உரத்த குரலைக் கேட்கலாம். இறுகிப்போன மிதவை, பலமாகத் தூக்கினால் அசைவது போன்றது இது. வேறிடத்துக் கட்டி இந்த மிதவையுடன் இணைக்கப்படாத தனி மோட்டார். அதனால் 8 மி.கி. டெக்சாமெத்தாசோன் கொடுத்துப் பார்க்கப்பட்டது. முந்தைய காலை 19 ஆக இருந்த கார்டிசால் 6.5 ஆக இறங்கியது. ஏறத்தாழ 66 விழுக்காடு வீழ்ச்சி; 50 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் பிட்யூட்டரியை நோக்கிக் கைகாட்டுகிறது.

இதுவும் முடிந்த முடிவன்று. நுரையீரலில் மெதுவாக வளரும் சில கட்டிகளும் 8 மி.கி. அளவுக்கு அடங்குவதுண்டு, சில பிட்யூட்டரிக் கட்டிகள் அடங்காமல் நிற்பதும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் அவருக்கு 5 மி.மீ. கட்டி தெரிந்தது. ஆனால் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இத்தகைய சிறு கட்டி தற்செயலாக இருக்கும். ஆகவே பிட்யூட்டரியிலிருந்து இரத்தம் வடியும் சிரைக்குழிகளுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, அங்குள்ள ஏ.சி.டி.எச். அளவு கைச் சிரையிலுள்ளதைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூக்கு வழியாகக் கட்டியை அகற்றும் அறுவை முடிவு செய்யப்படும்.

அறுவைக்குப் பின்னும் கார்டிசால் அளவே வழிகாட்டி. கட்டி முழுவதும் நீங்கியிருந்தால், நீண்ட காலம் அடங்கிக் கிடந்த இயல்பான பிட்யூட்டரிச் செல்கள் உடனே விழித்துக்கொள்வதில்லை. சில நாட்களில் காலைக் கார்டிசால் 2 க்கும் கீழே விழுந்துவிடும். வேறொருவரிடம் அட்ரீனல் பற்றாக்குறை என்று அஞ்ச வேண்டிய அதே எண், இங்கே சிகிச்சை பலித்ததன் அடையாளம். ஆயினும் அச்சுரப்பிகள் மீண்டும் இயங்கும் வரை, பல மாதங்கள் ஆனாலும், அவர் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைகளை விடாமல் எடுத்துவர வேண்டும்.